நூறு கோடியாவது நொடியில் மணி என்ன?

2001 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் காலை மணி 7.16 ஆகி 40 நொடிகள் கடந்த கணத்தில், உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த யூனிக்ஸ் வகைக் கணினிகளின் உள்கணக்கு ஒன்பது இலக்கத்திலிருந்து பத்து இலக்கத்துக்கு ஏறியது. 999999999 என்றிருந்த எண் 1000000000 ஆனது. நியூயார்க்கில் அப்போது சனிக்கிழமை இரவு 9.46. லண்டனில் ஞாயிறு பின்னிரவு 2.46. சிங்கப்பூரில் காலை 9.46. கடிகாரம் சரியாக ஓடிய எல்லா ஊர்க் கணினிகளும் ஒரே நொடியில் ஒரே எண்ணைத் தொட்டன. திரையில் தெரிந்த மணிதான் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது.

இன்று கையிலிருக்கும் செல்போனும், பணப் பரிமாற்றத்தைப் பதிந்துகொள்ளும் சர்வரும், கண்காணிப்புக் கேமராவும் பெரும்பாலும் நேரத்தை இந்த முறையில்தான் வைத்திருக்கின்றன. ‘காலை ஏழே கால்’ என்று உள்ளே எங்கும் எழுதி வைப்பதில்லை. 1970 ஜனவரி 1 அன்று, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி இதுவரை எத்தனை நொடிகள் ஆயின என்ற ஒரே ஓர் எண் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணில் ஊர் கிடையாது, நாடு கிடையாது, கோடைக்காலம் குளிர்காலம் என்ற பேதமும் கிடையாது. பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மணியாக அதை மாற்றுவது, திரையில் காட்டும்போது நடக்கும் வேலை.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சகாக்களும் யூனிக்ஸை உருவாக்கிய நாட்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டின்படி, 1971 ஜனவரி 1 முதல் நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது முறை அலைவது. கணினிக்குக் கிடைத்த துடிப்பும் அதுவே. ஆனால் அந்த வேகத்தில் எண்ணினால் 32 பிட் எண் இரண்டரை ஆண்டுக்குள் நிரம்பிவிடும். இதை அந்தக் கையேடே குறையாகச் சொல்லியிருந்தது. பிறகு முழு நொடிகளாக எண்ணும் முறைக்கு மாறினார்கள்; தொடக்கமும் 1970 ஜனவரி 1 என்று நிலைத்தது. அந்த நாளில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு முழு ஆண்டின் முதல் நாள், அவ்வளவுதான்.

எண்ணிலிருந்து மணிக்கு வரும் வழியைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். நூறு கோடியையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நூறு கோடியை அதால் வகுத்தால் ஈவு 11,574, மீதி 6,400. ஆக, 1970 ஜனவரி 1க்குப் பிறகு 11,574 முழு நாட்கள் கழிந்து, அடுத்த நாளில் 6,400 நொடிகள் ஆகியிருக்கின்றன.

முதலில் நாள். 1970 முதல் 2000 முடிய 31 ஆண்டுகள். இடையில் எட்டு லீப் ஆண்டுகள். மொத்தம் 11,323 நாட்கள். 11,574இலிருந்து அதைக் கழித்தால் 251. 2001இல் ஜனவரி தொடங்கி ஆகஸ்ட் முடிய 243 நாட்கள் போக, எட்டு நாட்கள் மிச்சம். செப்டம்பரில் எட்டு நாட்கள் முடிந்துவிட்டன என்றால் நடப்பது 9ஆம் தேதி. அடுத்து மணி. 6,400 நொடி என்பது ஒரு மணி 46 நிமிடம் 40 நொடி. கிழமையும் இதிலிருந்தே கிடைத்துவிடும். 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. 11,574ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று. வியாழனிலிருந்து மூன்று நாள் தள்ளினால் ஞாயிறு.

இதுவரை கிடைத்தது உலகப் பொது நேரம். யுடிசி என்று இதைச் சொல்வார்கள். இந்திய நேரம் இதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது, அதாவது 19,800 நொடிகள். 6,400உடன் 19,800ஐக் கூட்டினால் 26,200. ஏழு மணி 16 நிமிடம் 40 நொடி. சென்னையில் அன்று காலை கடிகாரம் காட்டியது இதைத்தான். நியூயார்க்குக்கு அந்த மாதத்தில் நான்கு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் நள்ளிரவைத் தாண்டிப் பின்னால் போய் முந்தின நாளான சனிக்கிழமையில் விழும்.

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் இதையே ஒரு வரியில் கேட்டுப் பார்க்கலாம்:

```
$ TZ=Asia/Kolkata date -d @1000000000 '+%F %T %z'
2001-09-09 07:16:40 +0530
$ TZ=America/Toronto date -d @1000000000 '+%F %T %z'
2001-09-08 21:46:40 -0400
$ TZ=Asia/Colombo date -d @1000000000 '+%F %T %z'
2001-09-09 07:46:40 +0600
```

மூன்று வரியிலும் எண் ஒன்றே. மூன்றாவது விடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று ஒரே மணி. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போனில் பேசுகிறவர் அங்கே மணி என்ன என்று கேட்கத் தேவையில்லை. அப்படியிருக்க, இதே கணத்துக்குக் கொழும்பில் 7.46 என்று ஏன் வருகிறது?

2001இல் கொழும்பின் கடிகாரம் சென்னையைவிட அரை மணி முன்னால் ஓடியது என்பதுதான் காரணம். 1996இல் இலங்கையில் கடும் மின்பற்றாக்குறை. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அரசு மே 25ஆம் தேதி பிறந்தவுடன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. ஐந்தரை ஆறரையானது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி பின்னால் இழுத்து ஆறு மணி நேர இடைவெளியில் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் அப்படியே ஓடியது. 2006இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15 பிறந்த அரை மணியில் கடிகாரம் மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது.

அந்தப் பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய மணியே தொடர்ந்தது. நூறு கோடியாவது நொடியில் கொழும்புச் சுவர்க் கடிகாரம் 7.46 காட்டியபோது, வன்னியில் ஒரு வீட்டுக் கடிகாரம் 7.16 காட்டியிருக்கும். ஒரே தீவு, ஒரே கணம், இரண்டு மணி. எண்ணைப் பொறுத்தவரை இரண்டும் 1000000000 தான்.

கணினிக்கு இந்த வரலாறெல்லாம் எப்படித் தெரிகிறது? அதற்கென்றே ஒரு பொது அட்டவணை இருக்கிறது. 1980களில் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்தது. பின்னர் பால் எகர்ட் பொறுப்பெடுத்துப் பராமரித்து வருகிறார். எந்த நாட்டு அரசு எந்த நாளில் கடிகாரத்தை எவ்வளவு மாற்றியது என்று செய்திகளையும் அரசாணைகளையும் தேடித் தேடிச் சேர்த்த தொகுப்பு அது. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உள்ளூர் மணியைச் சொல்வது இதுதான். `Asia/Kolkata`, `Asia/Colombo` என்ற பெயர்கள் இந்த அட்டவணையில் உள்ளவை. இலங்கை முழுமைக்கும் இதில் ஒரே பெயர்தான், `Asia/Colombo`. வன்னியின் தனி மணிக்கு அதில் பெயர் இல்லை.

`Asia/Colombo` கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது மாற்றங்களின் பட்டியல். ஒவ்வொரு மாற்றமும் எந்த நொடியில் நடந்தது என்பதும் அதே 1970 கணக்கில்தான் எழுதியிருக்கும். 832962600ஆம் நொடியிலிருந்து ஆறரை, 846266400இலிருந்து ஆறு, 1145039400இலிருந்து ஐந்தரை. காட்ட வேண்டிய எண் இவற்றில் எந்த இரண்டுக்கு நடுவில் விழுகிறது என்று பார்த்து, அந்தக் காலத்துக்கு உரிய வித்தியாசத்தைக் கூட்டினால் வேலை முடிந்தது. நூறு கோடி, இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில் விழுகிறது. ஆகவே ஆறு மணி நேரம், 21,600 நொடிகள். 6,400உடன் கூட்டினால் 28,000. ஏழு மணி 46 நிமிடம் 40 நொடி.

‘கொழும்பு என்றால் ஐந்தரை’ என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கும் மென்பொருள் இங்கேதான் தவறும். இன்றைய மணியை அது சரியாகக் காட்டும். 2001இல் கொழும்பில் எடுத்த புகைப்படத்துக்கோ, போட்ட கணக்குக்கோ அரை மணி தவறாகச் சொல்லும். சோதித்துப் பார்க்கிறவர்கள் இன்றைய தேதியை மட்டும் போட்டுப் பார்ப்பதால் இந்தப் பிழை பல ஆண்டுகள் கண்ணில் படாமலேயே இருந்துவிடும். வித்தியாசத்தை எழுதி வைப்பதைவிட ஊரின் பெயரை எழுதி வைப்பது நல்லது என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான். வித்தியாசம் மாறும், பெயர் அந்த மாற்றங்களையெல்லாம் தன்னோடு எடுத்துவரும்.

எண்ணிலிருந்து மணிக்குப் போகும்போது விடை எப்போதும் ஒன்றுதான். மணியிலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது அப்படிச் சொல்ல முடியாது.

2006 ஏப்ரல் 15, கொழும்பு, நள்ளிரவு கடந்து 15 நிமிடம். இது எத்தனையாவது நொடி? 12.30 ஆனதும் கடிகாரத்தை மறுபடி 12 மணிக்குத் திருப்பியதால், 12.15 என்பது அந்த இரவில் இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது எண் 1145038500. இரண்டாம் முறை 1145040300. நடுவில் 1,800 நொடி, சரியாக அரை மணி. அந்த இரவில் 12.15க்குப் பிறந்த குழந்தையும், ‘அதே’ 12.15க்குப் பிறந்த இன்னொரு குழந்தையும் அரை மணி மூத்தது இளையதாக இருக்கலாம். மணியை மட்டும் எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து அதை மீட்க வழியில்லை. எண்ணை எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

எதிர்ப் பக்கமும் உண்டு. 1996 மே 25 அன்று 12 மணி என்பது உடனே 1 மணியாகிவிட்டதால், அன்றைய பின்னிரவு 12.20 என்ற மணி இலங்கையில் வரவே இல்லை. சிங்கப்பூரில் 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை நேராகப் புத்தாண்டு நள்ளிரவுக்கு வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி அந்நாட்டுக் கடிகாரங்களில் கிடையாது. அப்படி இல்லாத மணியைக் கொடுத்து எண் கேட்டால், சில மென்பொருள்கள் பிழை என்று சொல்லும். சில சத்தமில்லாமல் முன்னாலோ பின்னாலோ தள்ளி ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது.

இந்தியாவில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நன்கு பழகிய அடையாளம் ஒன்று உண்டு: ‘1970 ஜனவரி 1, காலை 5.30’. ஏதாவது ஒரு திரையில் இந்தத் தேதி தென்பட்டால், அங்கே நேரமே பதிவாகவில்லை, வெற்றிடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பூஜ்யமாவது நொடி இந்திய மணியில் அதிகாலை ஐந்தரை. நியூயார்க்கில் அதே பூஜ்யம் 1969 டிசம்பர் 31 மாலை 7 மணியாகத் தெரியும். சிங்கப்பூரில் அன்றைய கணக்கு ஏழரை என்பதால் காலை 7.30. லண்டனில் 12 மணி என்று எதிர்பார்ப்போம். அங்கேயும் 1 மணி என்றுதான் வரும். 1968 முதல் 1971 வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னாலேயே வைத்திருந்தது. கிரீன்விச் ஊரில் இருந்தவர்களுக்கே அந்த நள்ளிரவு பின்னிரவு 1 மணியாகத்தான் விடிந்தது.

இன்னொரு அடையாளம், மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகுவது. கடிகாரம் தானாகப் பிசகினால் சில நொடியோ சில நிமிடமோ ஒழுங்கில்லாமல் பிசகும். 5.30 என்று கச்சிதமாகப் பிசகினால், ஊர்க்கணக்கைக் கூட்ட மறந்திருக்கிறார்கள், அல்லது இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள். காலை 10 மணிக்குப் பணம் கட்டிய ரசீதில் 4.30 என்றிருந்தால், சர்வர் யுடிசியை அப்படியே அச்சடித்துவிட்டது. பிற்பகல் 3.30 என்றிருந்தால், ஏற்கெனவே இந்திய மணியாக இருந்ததை யுடிசி என்று நினைத்து மறுபடியும் கூட்டிவிட்டது. இரண்டிலும் உள்ளே பதிந்த எண் சரியாக இருந்தால், காட்டும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும். பதியும்போதே தவறான எண் உள்ளே போயிருந்தால் பழைய பதிவுகள் அத்தனையையும் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே முதலில் தேட வேண்டியது திரையில் தெரியும் மணியை அல்ல, டேட்டாபேஸில் உள்ள எண்ணை.

மணியோடு இது நின்றுவிடுவதில்லை. நாள் கணக்கையும் கலைத்துவிடும். அன்றன்றைய விற்பனையை யுடிசி நாளாகப் பிரித்துக் கூட்டும் அறிக்கையில், இந்தியக் கடையின் ‘நாள்’ காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.30க்கு முடியும். பகலில் மட்டும் திறந்திருக்கும் துணிக்கடைக்கு இதனால் பாதிப்பில்லை. இரவெல்லாம் திறந்திருக்கும் பெட்ரோல் பங்குக்கோ மருந்துக்கடைக்கோ நள்ளிரவுக்குப் பிறகு நடந்த விற்பனை முழுவதும் முந்தின நாளில் போய்ச் சேரும். கல்லாவில் உள்ள பணமும் அறிக்கையும் ஒத்துப்போகாமல் கணக்காளர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மாத மொத்தம் கிட்டத்தட்ட சரியாகவே வருவதால் காரணம் எளிதில் பிடிபடாது.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே ஐந்தரை தெரியும். மதர்போர்டில் சிறிய பேட்டரியில் ஓடும் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசியில் வைக்கும். விண்டோஸ் உள்ளூர் மணியில் வைக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும்.

மூன்றாவது அடையாளம், சமீபத்திய பதிவெல்லாம் 1970 ஜனவரி 20, 21 என்று தெரிவது. யூனிக்ஸ் நொடிகளாக எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதே தொடக்கத்திலிருந்து மில்லிநொடிகளாக எண்ணுகிறது. இன்றைய நேரத்தை ஒன்று பத்து இலக்கத்தில் சொன்னால் மற்றது பதின்மூன்று இலக்கத்தில் சொல்லும். நொடி எண்ணை மில்லிநொடி என்று நினைத்து வாசித்தால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் இருபது நாட்களாகச் சுருங்கிவிடும். நூறு கோடியை அப்படி வாசித்தால் கிடைப்பது 1970 ஜனவரி 12, இந்திய மணி மாலை 7.16. இலக்கங்களை எண்ணிப் பார்த்தாலே இந்தப் பிழை பிடிபட்டுவிடும்.

இவ்வளவு சீரான இந்த எண்ணை எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. நடந்து முடிந்த ஒரு கணத்தைக் குறிக்க இதைவிடத் தெளிவான முறை இல்லை. வரப்போகும் நாளின் ஊர் மணியைக் குறிக்க இது பொருந்தாது. 2006 மார்ச்சில் ஒருவர், மே 2ஆம் தேதி காலை 10 மணிக்குக் கொழும்பில் சந்திப்பு என்று கணினி நாட்காட்டியில் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ஆறு மணி வித்தியாசத்தைக் கழித்து, யுடிசி 4 மணிக்கு உரிய எண்ணை நாட்காட்டி சேமிக்கிறது. ஏப்ரலில் அரசு கடிகாரத்தைத் திருப்பிவிட்டது. மே 2 அன்று அதே எண் காலை 9.30 ஆகத் தெரியும். எண் மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. சந்திக்க வருகிற மனிதர்களோ சுவர்க் கடிகாரத்தின் 10 மணிக்குத்தான் வருவார்கள். இப்படிப்பட்ட பதிவுகளுக்கு ‘2006 மே 2, 10.00, `Asia/Colombo`’ என்று மணியையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்து, நேரம் நெருங்கும்போது எண்ணாக மாற்றிக்கொள்வதே சரி.

பிறந்தநாளும் அப்படித்தான். 1990 ஆகஸ்ட் 15 என்ற பிறந்த தேதியைச் சென்னை நள்ளிரவாக எடுத்து நொடியாக்கினால், யுடிசியில் அது ஆகஸ்ட் 14 மாலை 6.30. அந்தப் பதிவை லண்டனில் திறந்து பார்க்கும் அலுவலருக்கு 14 என்று தெரியும். பாஸ்போர்ட்டில் 15, திரையில் 14. பிறந்த தேதி என்பது ஒரு கணம் அல்ல, நாட்காட்டியின் ஒரு கட்டம். அதை எண்ணாக்காமல் தேதியாகவே வைக்க வேண்டும்.

எண்ணுக்குள்ளேயே ஒரு சமரசமும் இருக்கிறது. பூமி சுழலும் வேகம் சீராக இல்லாததால், 1972 முதல் அவ்வப்போது யுடிசியில் ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்து வந்தார்கள். இதுவரை 27 முறை. கடைசியாக 2017 ஜனவரி 1 அன்று, இந்திய மணி காலை 5.30 ஆவதற்குச் சற்று முன்பு 5.29.60 என்று ஒரு நொடி வந்தது. யூனிக்ஸோ ஒரு நாளுக்கு எப்போதும் 86,400 என்றே கணக்கிடும். கூடுதல் நொடிக்கு அதில் இடமில்லை. அதனால் 5.29.60க்கும் 5.30.00க்கும் ஒரே எண், 1483228800. கூகுள் போன்ற நிறுவனங்கள் அந்த ஒரு நொடியை ஒரு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிச் சமாளித்தன. 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திவிட 2022இல் பன்னாட்டு அளவியல் மாநாடு முடிவெடுத்துவிட்டது.

எண்ணின் இன்னொரு எல்லை முன்னால் நிற்கிறது. பழைய முறையில் இந்த நொடிக் கணக்கை 32 பிட் இடத்தில், கூட்டல் கழித்தல் குறியோடு வைத்தார்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அந்த நொடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய மணி காலை 8.44.07. அடுத்த நொடியில் எண் நிரம்பி வழிந்து, மிகச் சிறிய எண்ணான -2147483648க்குப் போய்விடும். அது 1901 டிசம்பர் 13.

1901இன் எந்த மணி? `Asia/Kolkata` அட்டவணையிடம் கேட்டால், டிசம்பர் 14, அதிகாலை 2 மணி 7 நிமிடம் 2 நொடி என்று சொல்லும். யுடிசியில் அது 13ஆம் தேதி இரவு 8.45.52. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஐந்தரை மணி அல்ல. 5 மணி 21 நிமிடம் 10 நொடி. இந்திய நேரம் என்று நாம் இன்று சொல்வது 1906இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்வே பின்பற்றியது மெட்ராஸ் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானியல் கண்காணிப்பகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுந்ததால் இரண்டு பக்கத்துக்கும் அது வசதியாக இருந்தது. ஓல்சன் தொடங்கிய அட்டவணையில் அது `MMT` என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 2038இல் 32 பிட் எண்ணோடும் முழு அட்டவணையோடும் ஓடும் ஒரு பழைய கருவி வழிந்தால், அதன் திரையில் வந்து நிற்பது மெட்ராஸ் நேரம்.

புதிய கணினிகளும் செல்போன்களும் 64 பிட் எண்ணுக்கு மாறிவிட்டன. அது நிரம்ப 29,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். 32 பிட் சிப்புகளில் ஓடும் லினக்ஸும் 2020இல் வந்த 5.6 பதிப்பில் இதற்கு வழி செய்துவிட்டது. மிஞ்சியிருப்பவை, ஒரு முறை பொருத்திவிட்டால் இருபது முப்பது ஆண்டுகள் யாரும் தொடாத தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பழைய கோப்பு வடிவங்களும். இவற்றைப் பராமரிக்கிறவர்கள் 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தனிக் கருவியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, அதன் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8.43க்கு வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். 8.44.07க்கு அடுத்து 8.44.08 வருகிறதா, 1901 வருகிறதா என்று திரையே காட்டிவிடும்.